லாரியில் ஏறும் யானை: மூன்று வயதுப் பையனுக்குப் புத்தகம் பொறுக்குவது

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். லாரியும் விலங்கும் என்றால் உயிர். காலையில் புளோக்குக்குக் கீழே குப்பை லாரி சத்தம் கேட்டால் சமையலறை ஜன்னலுக்கு ஓடிவிடுவான். பிளாஸ்டிக் யானை, மாடு, முதலை எல்லாவற்றையும் பொம்மை லாரியில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பான். ஆனால் நூலகத்திலிருந்து எடுத்துவரும் வண்டிப் புத்தகம், விலங்குப் புத்தகம் எதுவும் இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. நாய்க்குட்டி ஒன்று வேனில் ஏறிப் போகும் ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் தினமும் திரும்பத் திரும்பக் கேட்கிறான். மாமியார் தமிழில்தான் படித்துக்காட்ட வேண்டும் என்கிறார். தமிழில் லாரிப் புத்தகமே கண்ணில் படவில்லை. எப்படிப் பார்த்து எடுப்பது?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று நூலகத்தில் நான் கேட்டால், பெற்றோர் பெரும்பாலும் ஒரு பொருளின் பெயரைத்தான் சொல்வார்கள். லாரி, டைனோசர், பூனை என்று. நான் அடுத்துக் கேட்பது, அதை வைத்துக்கொண்டு பிள்ளை என்ன செய்கிறது என்பது. அந்தப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏற்றுகிறான், இறக்குகிறான். புத்தகத்தை அதற்குப் பொருத்திப் பாருங்கள். அட்டையில் லாரி இருக்கிறதா, யானை இருக்கிறதா என்பது அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், லாரி பிடித்த பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. ஒரு பையன் வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வான். அவனுக்குப் பக்கம் முழுக்கப் படமும் பெயருமாக இருக்கும் புத்தகம் விருந்து. இன்னொருத்தி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்பாள். அவளுக்கு வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் புத்தகம் வேண்டும். இன்னொருவன் இரண்டு காரை மோதவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான். அவன் கதை கேட்கத் தயாராக இருக்கும் பிள்ளை. உங்கள் மகன் பயணிகளைச் சேர்க்கிறான். யார் ஏறினார்கள், இன்னும் இடம் இருக்கிறதா, எல்லாரும் எப்போது இறங்குவார்கள் என்பதில்தான் அவன் மனம் இருக்கிறது. அவன் விரும்பிக் கேட்கும் ஒரே புத்தகத்திலும் ஒரு விலங்கு ஒரு வண்டியில் ஏறுகிறது, பாருங்கள்.

இந்த வகைக் கதைகள் படப் புத்தகங்களில் ஏராளம். ஒரு வண்டி கிளம்பும். பக்கத்துக்கு ஒருவராக ஏறிக்கொண்டே போவார்கள். ஒவ்வொருவர் ஏறும்போதும் ஒரே வாக்கியம் திரும்ப வரும். வண்டி நிறையும். பிறகு ஏதோ ஒன்று நடக்கும்: சேற்றில் சிக்கும், சாயும், கடைசியாக ஏறிய எறும்போ எலியோ பாரத்தை மிஞ்சிவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். நூலகத்தில் கேட்கும்போது “லாரிப் புத்தகம் வேண்டும்” என்று சொல்லாமல், “ஒவ்வொருவராக ஏறிக்கொண்டே போகிற மாதிரிக் கதை வேண்டும், வண்டியோ படகோ எதுவானாலும் சரி” என்று கேளுங்கள். படகு, பஸ், ரயில், ஒட்டகத்தின் முதுகு எல்லாமே அவனுக்கு லாரிதான்.

இனி, இரண்டு பக்கத்தில் கைவிட்ட புத்தகங்களுக்கு வருவோம். அவை என்னென்ன என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் கைவிடப்படும் வண்டிப் புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. முதல் வகை, விரித்தால் இரண்டு பக்கத்திலும் இருபது வண்டி நிற்கும் புத்தகம். பெரியவர்களுக்கு அதைப் பார்த்ததும், இவ்வளவு லாரி இருக்கிறதே, பிள்ளை மகிழ்ந்துபோவான் என்று தோன்றும். நீங்கள் “இது கிரேன்” என்று வாசிக்கும்போது அவன் பார்வை சிமெண்ட் லாரியில் இருக்கும். காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் படமும் சேராது. பிரிட்டனில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு படம் கண்ணில் படும்படி கதை கேட்ட பிள்ளைகள் புதிய சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பக்கத்திலும் படம் இருந்தபோது குறைவாகவே கற்றார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: படிப்பவர் வாசிக்கப்போகும் பக்கத்தின் மேல் முதலில் கையை ஒருமுறை வீசிக் காட்டினால், இரண்டு படம் இருந்தாலும் பிள்ளைகள் அதே அளவுக்குக் கற்றுக்கொண்டார்கள். இதை இன்றிரவே செய்யலாம். வாசிக்கும் முன் படத்தின் மேல் கையை மெதுவாக ஓட்டுங்கள். படம் நிறைந்த பக்கம் என்றால் ஒரு வெற்றுத் தாளால் பாதியை மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வகை, வண்டிக்குக் கண்ணும் வாயும் வரைந்து, அதற்கு மனக்குறை ஒன்றையும் வைத்திருக்கும் கதை. சின்ன லாரிக்குத் தான் சின்னது என்று வருத்தம். பெரிய லாரி கேலி செய்கிறது. கடைசியில் சின்னதுதான் ஊரைக் காப்பாற்றுகிறது. ஐந்து வயதில் இது நன்றாக எடுபடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வருத்தத்தைப் படத்தில் பார்க்க முடியாது. வண்டி எதையும் தூக்காமல், எங்கும் போகாமல், நாலு பக்கம் பேசிக்கொண்டே நின்றால் அவனுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. எழுந்து போய்விடுவான்.

அதனால் அலமாரி முன்னால் நிற்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகத்தை நடுவில் திறந்து, எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு, படத்தை மட்டும் பார்த்து மூன்று பக்கம் திருப்புங்கள். யார், என்ன செய்தார், அப்புறம் என்ன ஆனது என்று படத்திலிருந்தே உங்களால் சொல்ல முடிந்தால் அது அவனுக்கு ஆகும். பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்கள். பக்கத்துக்கு ஒன்று, இரண்டு வாக்கியம் என்றால் சரி. ஒரு பத்தி என்றால் வைத்துவிடுங்கள், அடுத்த ஆண்டு எடுக்கலாம். படப் புத்தகம் வழக்கமாக 32 பக்கம் இருக்கும். பக்கத்துக்கு ஒரு பத்தி வீதம் இவ்வளவையும் கேட்டு முடிக்க இந்த வயதில் பொறுமை போதாது.

சோதனைக்குப் போகும் முன், வீட்டில் இருக்கும் நாய்க்குட்டிப் புத்தகத்தை ஒருமுறை அளந்து பாருங்கள். அதில் எந்தப் பக்கத்தில் அவன் கை படத்துக்குப் போகிறது, எங்கே உங்களுக்கு முன் அவன் சொல்லிவிடுகிறான், எந்தப் பக்கத்தை அவசரமாகத் திருப்புகிறான் என்று கவனியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வாசித்தபின் ஐந்து விநாடி சும்மா இருங்கள். நாம் அந்த இடைவெளியைக் கேள்வி கேட்டு நிரப்பிவிடுவதால்தான் பல நேரம் இது தெரிவதில்லை. நாய் ஏறும் பக்கத்தில் கை போனால் என் ஊகம் சரி. வேன் சாலையில் ஓடும் பக்கத்தில் போனால் அவனுக்குப் பயணம் பிடிக்கிறது. வழியில் பாலம், சுரங்கம், மேடு வருகிற கதையாகத் தேடுங்கள். வீடு போய்ச் சேரும் கடைசிப் பக்கத்தில் போனால் அவனுக்கு வேண்டியது வண்டியே இல்லை, தொலைந்தவர் வீடு திரும்பும் கதை.

அந்தப் புத்தகத்தை ஒளித்துவைக்க வேண்டாம். அவன் புதிதாக ஒன்றும் கேட்பதில்லையே என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மூன்று வயதில் திரும்பக் கேட்பதுதான் சொல்லை மனத்தில் உட்கார வைக்கிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு குழுப் பிள்ளைகளுக்கு ஒரே கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு குழுவுக்கு வெவ்வேறு கதைகள். புதிய சொற்கள் இரண்டு குழுவுக்கும் அதே எண்ணிக்கையில்தான் காதில் விழுந்தன. ஒரே கதைகளைக் கேட்ட குழுதான் அவற்றை நன்றாக நினைவில் வைத்திருந்தது. எனவே புதிய புத்தகத்தைப் பழையதற்குப் பதிலாக நீட்டாதீர்கள். முதலில் புதியது, பிறகு நாய்க்குட்டி என்று வரிசை வையுங்கள். தனக்கு வேண்டியது வரப்போகிறது என்று தெரிந்தால் அவன் புதியதற்கு இன்னும் இரண்டு பக்கம் பொறுமை காட்டுவான். நூலகப் புத்தகம் 21 நாள் உங்களிடம் இருக்கும். ஒரு புத்தகத்தை முதல் வாரத்தில் ஒதுக்கிவிட்டு மூன்றாவது வாரத்தில் தானே எடுத்துவரும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால் முதல் நாள் தீர்ப்பை வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயமானது, வழியும் இருக்கிறது. தமிழில் லாரிப் படப் புத்தகம் குறைவுதான். விலங்குப் புத்தகமோ குறைவில்லை. உங்கள் வட்டார நூலகத்தின் சிறுவர் பிரிவில் தமிழ் அலமாரிக்குப் போனால் யானை, காகம், குரங்கு, எலி எல்லாம் இருக்கும். அவற்றை லாரிப் புத்தகமாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

பக்கத்துக்கு ஒரு விலங்கு வரும் எளிய தமிழ்ப் புத்தகம் ஒன்றை எடுங்கள். விலங்குகள் குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். படிக்க உட்காரும்போது அவனுடைய பொம்மை லாரியையும் விலங்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யானைப் பக்கத்தை வாசித்து முடித்ததும் பாட்டி, “யானை தண்ணி குடிச்சாச்சு. லாரியில ஏத்து” என்று சொல்லட்டும். அவன் ஏற்றுவான். அடுத்த பக்கம் மாடு, அதுவும் ஏறும். வீட்டில் இல்லாத விலங்கு வந்தால், மானுக்குப் பதில் ஒரு தேக்கரண்டி ஏறலாம், அவனுக்கு ஆட்சேபம் இருக்காது. கடைசிப் பக்கம் முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்குங்கள்; இறக்கும்போது ஏறிய வரிசையை அவனையே சொல்லச் சொல்லுங்கள். மறந்தால் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பான். அதுதான் நமக்கு வேண்டியது: தானாகப் புத்தகத்துக்குத் திரும்பிப் போகிறான். சில நாள் இப்படிப் போன பிறகு லாரியை எடுத்துவைக்காமல் வாசித்துப் பாருங்கள். அவன் போய் லாரியைக் கொண்டுவந்தால் இன்னும் கொஞ்ச நாள் அதோடு போகட்டும். கொண்டுவராமல் கேட்டுக்கொண்டிருந்தால் கதை தன் காலில் நிற்க ஆரம்பித்துவிட்டது.

ஆங்கில லாரிப் புத்தகங்களையும் தமிழில் படிக்கலாம். வரிக்கு வரி மொழிபெயர்க்க முயன்றால்தான் சிரமம். வாக்கியம் நடுவில் தடுமாறும், நாளுக்கு ஒரு மாதிரி வரும், அவன் “அப்படி இல்லை” என்று கோபிப்பான். எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு ஒரு தமிழ் வாக்கியம் முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒரு சின்னத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள் (நூலகப் புத்தகத்தில் ஒட்ட வேண்டாம்). நீங்களும் பாட்டியும் அதே வாக்கியத்தைச் சொல்லுங்கள். லாரி, கிரேன், டிராக்டர் என்ற பெயர்கள் அப்படியே இருக்கட்டும், அவற்றுக்குத் தனித்தமிழ்ச் சொல் தேட மெனக்கெட வேண்டாம். வண்டிப் புத்தகத்தில் தமிழ் வளர்வது வினைகளில். தூக்குது, கவுக்குது, நசுக்குது, இழுக்குது, தள்ளுது, கொட்டுது. இவை எல்லாவற்றையும் ஒரே புத்தகத்தில் இத்தனை படத்தோடு பார்க்க வேறு எந்தத் தலைப்பிலும் வாய்ப்பில்லை. மண் சரிந்தால் சரசர, கல் விழுந்தால் டமார், இன்ஜின் கடகட என்று ஒலிகளைத் தாராளமாகச் சேருங்கள்.

அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தில் “யானை நீர் அருந்தியது” என்று இருந்தால் என்ன செய்வது என்று பல தாய்மார் கேட்கிறார்கள். வீட்டில் ஆங்கிலம் அதிகம் புழங்கும் பிள்ளைக்கு, முதல் சில தடவை பேச்சுத் தமிழில் சொல்லுங்கள் என்பது என் கருத்து. கதை தெரிந்த பிறகு அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். அப்போது அந்த வாக்கியத்தின் பொருள் அவனுக்கு முன்பே தெரியும், புதிய வடிவத்தை மட்டும் கேட்டுக்கொள்வான். தலைகீழாகச் செய்தால் முதல் பக்கத்திலேயே அவனை இழந்துவிடுவோம். அச்சிட்டுக்கொள்ள விருப்பம் இருந்தால், இந்தியாவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பு நிலை 1 என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். அவற்றை அச்சிடவும் பகிரவும் உரிமை திறந்தே இருக்கிறது.

குப்பை லாரிக்கு வேறு வகைப் புத்தகம் வேண்டும். அவன் தினமும் ஜன்னலிலிருந்து பார்ப்பது நிஜ வேலை. அதனால் நிஜப் படம் போட்ட, ஒரு வேலை தொடங்கி முடிவதை வரிசையாகக் காட்டும் புத்தகமாக ஒன்று எடுங்கள். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ அச்சான பல புத்தகங்களில் லாரியின் பக்கவாட்டிலிருந்து ஓர் இயந்திரக் கை நீண்டு தொட்டியைப் பிடிக்கும். இங்கே புளோக்குக்குக் கீழே ஊழியர் தொட்டியை உருட்டிவந்து லாரியின் பின்பக்கத்தில் மாட்ட, அது தூக்கிக் கவிழ்க்கும். வித்தியாசத்தை அவன் கட்டாயம் கண்டுபிடிப்பான். புத்தகம் தப்பு என்று மூடிவிடாமல், “அந்த ஊர் லாரி பக்கத்திலே தூக்குது, நம்ம ஊர் லாரி எப்படித் தூக்கும்?” என்று அவனிடமே கேளுங்கள்.

விலங்கிலும் இந்தப் பிரிவினை உண்டு. சட்டை போட்டுப் பேசும் முதலை கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் முதலை உண்மையில் எப்படி வாழ்கிறது என்று அவன் அறிய வேண்டுமானால், முதலையை முதலையாகவே காட்டும் புத்தகமும் வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், விலங்குகள் மனிதர் போலப் பேசி நடக்கும் கதைகளைக் கேட்ட சிறுபிள்ளைகள் நிஜ விலங்குகளுக்கும் மனித குணங்களை ஏற்றிச் சொன்னார்கள், விலங்கைப் பற்றிய உண்மைகளையும் குறைவாகவே கற்றார்கள். பேசும் விலங்குகளை விலக்க வேண்டியதில்லை. எடுத்துவரும் நாலைந்தில் ஒன்று நிஜ விலங்காக இருந்தால் போதும்.

உங்களுக்கு நேரம் இருந்தால் ஒரு புத்தகத்தை நீங்களே செய்யுங்கள். லாரியும் விலங்கும் சேர்ந்த நம் ஊர்ப் புத்தகம் கடையில் கிடைப்பது அரிது, ஊரிலோ விஷயம் நிறைய இருக்கிறது. இங்குள்ள தீயணைப்புப் படையின் சிறிய சிவப்பு வண்டியை ரெட் ரைனோ, அதாவது சிவப்புக் காண்டாமிருகம் என்று அழைக்கிறார்கள். புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே, விலங்குகள் கடப்பதற்கென்றே மரம் நட்ட ஒரு பாலம் 2013 முதல் இருக்கிறது. கீழே லாரிகள் ஓட, மேலே காட்டிலிருந்து காட்டுக்கு அழுங்கு நடந்துபோகும். இதைவிட அவனுக்குப் பொருத்தமான பக்கம் வேறென்ன இருக்க முடியும்? ஆறே ஆறு படம், அட்டையில் ஒட்டி, பக்கத்துக்கு ஒரு வாக்கியம். முதல் பக்கத்தில் உங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து எடுத்த குப்பை லாரி. தொட்டியை உருட்டிவரும் அண்ணன் சம்மதித்தால் அவரும் படத்தில் இருக்கட்டும். கடைப் புத்தகங்களில் அவர் முகம் வருவதில்லை. கடைசிப் பக்கத்தில் அவனுடைய பொம்மை லாரி, விலங்குகள் ஏறியபடி. வாக்கியங்களைப் பாட்டி சொல்ல, நீங்கள் எழுதுங்கள்.

அடுத்த தடவை நூலகத்துக்குப் போகும்போது ஐந்து புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொருவராக ஏறும் கதை இரண்டு, தமிழில் விலங்குப் புத்தகம் ஒன்று, ஒரு வேலையை வரிசையாகக் காட்டும் லாரிப் புத்தகம் ஒன்று, ஐந்தாவதை அவன் கையால் எடுக்கட்டும். அவன் எடுப்பது இருபது வண்டி நிற்கும் புத்தகமாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கதையாக வாசிக்க முயலாமல், அவன் விரல் வைக்கும் வண்டிக்கு மட்டும் பெயரும் வேலையும் சொல்லிவிட்டு மூடிவிடலாம்.

இந்தக் கதைகளில் அவன் ஊறிவிட்டான் என்பதை எப்படி அறிவது? பக்கத்தைத் திருப்பும் முன்பே அடுத்து யார் ஏறுவார் என்று சொல்வான். புத்தகத்தில் இல்லாத விலங்கைத் தானே ஏற்றுவான். “ஏன் எலி ஏறினதும் கவுந்துச்சு?” என்று கேட்பான். அந்த “ஏன்” வந்ததும், பக்கத்துக்கு மூன்று நான்கு வாக்கியம் உள்ள கதைக்கும், முன்பு நான் தள்ளிவைக்கச் சொன்ன அந்த வருத்தப்படும் சின்ன லாரிக்கும் போகலாம். சிலருக்கு அது மூன்றரை வயதில் வரும், சிலருக்கு நான்கு தாண்டி.